25 ஸ்கொயர் கேபிள் ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்குமா? அடியாபாட்டிக் சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

கேபிள் சைஸ் எடுக்கும்போது நம்மில் பெரும்பாலானோர் பார்ப்பது இரண்டு விஷயம்தான். லோடு எத்தனை ஆம்பியர், அந்த ஆம்பியரை இந்தக் கேபிள் சூடாகாமல் கொண்டுபோகுமா என்பது ஒன்று. அத்தனை மீட்டர் ஓடிய பிறகு வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்பது இன்னொன்று. இரண்டும் சரியாக வந்துவிட்டால் கேபிளை ஆர்டர் போட்டுவிடுகிறோம். மூன்றாவதாக ஒரு சோதனை இருக்கிறது: ஷார்ட் சர்க்யூட் ஆகி, ப்ரேக்கர் விழுகிற வரைக்குமான அந்தச் சின்ன இடைவெளியில் கேபிள் எவ்வளவு சூடாகும், அந்தச் சூட்டை இன்சுலேஷன் தாங்குமா? இதற்கான கணக்கு ஒரே வரிதான். ஆனால் அந்த வரிக்குள் போடுகிற எண்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டே போவோம். திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ட்ரான்ஸ்ஃபார்மர், 500 கேவிஏ, 11 கேவி உள்ளே, 433 வோல்ட் வெளியே, நேம்பிளேட்டில் இம்பிடன்ஸ் 4.5 சதவீதம். பக்கத்திலேயே மெயின் பேனல். அங்கிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கும் தையல் ஷெட்டின் போர்டுக்கு ஒரு கேபிள் போக வேண்டும். லோடு 60 ஆம்பியர். மூன்றரை கோர், 25 ஸ்கொயர் எம்எம், அலுமினியம், எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன் போட்ட ஆர்மர்டு கேபிள் எடுக்கிறோம். வெயில், ட்ரேயில் பக்கத்துக் கேபிள்கள் என்று எல்லாக் கழிவும் போக 80 ஆம்பியர் தாங்கும் என்று கொள்வோம். வோல்டேஜ் இறக்கமும் முழுச் சூட்டில் சுமார் 16 வோல்ட், அதாவது 4 சதவீதத்துக்குள். ஆக முதல் இரண்டு சோதனையிலும் பாஸ்.

இப்போது பேனலுக்குப் பக்கத்திலேயே, கேபிள் தொடங்குகிற இடத்தில் மூன்று பேஸும் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு கரண்ட் ஓடும்? ட்ரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு கரண்ட்டை இம்பிடன்ஸால் வகுத்தால் போதும்.

```
முழு லோடு = 500000 / (1.732 × 433) = 667 A
ஃபால்ட்   = 667 / 0.045 ≈ 14800 A
```

11 கேவி பக்கத்து இம்பிடன்ஸை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும், ஆனால் கேபிள் தாங்குமா என்று பார்க்கும்போது அதிகபட்சத்தை எடுப்பதுதான் பாதுகாப்பு. 60 ஆம்பியருக்கு எடுத்த கேபிளில் 14,800 ஆம்பியர்.

அந்தக் கரண்ட் ஓடும்போது கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 25 சதுர மில்லிமீட்டரில் 14,800 ஆம்பியர் என்றால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் சுமார் 590 ஆம்பியர். ஏற்கெனவே முழு லோடில் 90 டிகிரியில் இருக்கும் அலுமினியத்தில் இந்தக் கரண்ட் பாய்ந்தால் வெப்பநிலை ஒரு மில்லிசெகண்டுக்கு சுமார் 5 டிகிரி வீதம் ஏறும். சூடாகச் சூடாக அலுமினியத்தின் மின்தடையும் கூடுவதால் இந்த ஏற்றம் போகப் போக இன்னும் வேகமெடுக்கும். 25 மில்லிசெகண்ட் ஆகும்போது 250 டிகிரி. 50 ஹெர்ட்ஸில் ஒரு சைக்கிளே 20 மில்லிசெகண்ட், அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். அப்படியே விட்டால் 65 மில்லிசெகண்டை ஒட்டி 660 டிகிரி, அதாவது அலுமினியம் உருகத் தொடங்குகிற வெப்பநிலை.

இந்த 250 டிகிரி எங்கிருந்து வந்தது? எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன் தொடர்ந்து 90 டிகிரியிலும், ஷார்ட் சர்க்யூட் போன்ற சில வினாடி நேரத்துக்கு 250 டிகிரி வரையிலும் தாங்கும் என்று வரையறுத்திருக்கிறார்கள். நம்மூர் எல்டி எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கான ஐஎஸ் 7098 தரமும் இதே எண்களைத்தான் வைத்திருக்கிறது. பிவிசி என்றால் தொடர்ந்து 70, ஷார்ட் சர்க்யூட்டில் 160. அலுமினியம் உருகுவதற்கு வெகு முன்பே இன்சுலேஷன் கெட்டுவிடும், அதனால் நம் எல்லைக்கோடு உலோகத்துடையது இல்லை, இன்சுலேஷனுடையது.

சரி, இப்போது அந்தச் சமன்பாடு. இதைப் பாடமாக எடுத்துக்கொள்வதைவிட எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. கம்பியில் உண்டாகும் வெப்பம் I²Rt. அந்த வெப்பம் முழுவதும் கம்பியைச் சூடாக்கவே போகிறது என்று வைத்துக்கொண்டால், அது கம்பியின் கன அளவு, அதன் வெப்பக் கொள்திறன், ஏறிய டிகிரி மூன்றின் பெருக்கலுக்குச் சமம். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை S என்போம். R என்பது நீளத்தைப் பரப்பால் வகுத்து வருவது. கன அளவு என்பது நீளத்தைப் பரப்பால் பெருக்கி வருவது. இரண்டு பக்கமும் நீளம் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. இடது பக்கம் கீழே ஒரு S, வலது பக்கம் மேலே ஒரு S, ஆக S² மிஞ்சுகிறது. மீதி இருக்கும் உலோகத்தின் குணங்களையும் வெப்பநிலை எல்லைகளையும் சேர்த்து k என்று ஒரே எண்ணாக்கிவிட்டால் வேலை முடிந்தது.

```
I² × t = k² × S²

S = √(I² × t) / k = I × √t / k
```

S சதுர மில்லிமீட்டரில், I ஆம்பியரில், t வினாடியில். நீளம் அடிபட்டுப் போனதால், அதே ஃபால்ட் கரண்ட் ஓடுகிற வரை, 5 மீட்டர் கேபிளும் 500 மீட்டர் கேபிளும் ஒரே அளவுதான் சூடாகும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது சட்டென்று நம்ப முடியாத விஷயமாக இருக்கும். ஆனால் நீளம் கூடும்போது உண்டாகும் வெப்பமும் கூடுகிறது, அதை வாங்கிக்கொள்கிற உலோகமும் அதே விகிதத்தில் கூடுகிறது.

அடியாபாட்டிக் என்ற பெயருக்குக் காரணம் நடுவில் சொன்ன அந்த அனுமானம்தான். வெப்பம் கம்பியை விட்டு வெளியே போகவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூட இயற்பியலில் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று படித்தோமே, அது. நடக்கிற நேரம் மிகக் குறைவாக இருப்பதால், கம்பியிலிருந்து இன்சுலேஷனுக்கு வெப்பம் கசிய அவகாசமே இல்லை. பொதுவாக 5 வினாடி வரைக்கும் இந்த அனுமானத்தோடு போகலாம் என்பது வழக்கம். அதற்கு மேல் போனால் வெப்பம் கணிசமாக இன்சுலேஷனுக்குள் போய்விடும், அதனால் சமன்பாடு தேவைக்கு அதிகமான சைஸைக் கேட்கும். அதாவது தப்பாகப் போனாலும் பாதுகாப்பான பக்கம்தான் தப்பாகப் போகும். அந்தக் கசிவையும் கணக்கில் சேர்த்து அளவிட வேண்டும் என்றால் அதற்கு ஐஇசி 60949 என்று தனியாக ஒரு தரம் இருக்கிறது.

k-க்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது நாலே எண்கள். அலுமினியம் எக்ஸ்எல்பிஇ என்றால் 94, அலுமினியம் பிவிசி 76. காப்பர் எக்ஸ்எல்பிஇ 143, காப்பர் பிவிசி 115. பிவிசிக்குச் சொன்னவை 300 ஸ்கொயர் வரைதான், அதற்கு மேற்பட்ட சைஸுக்கு வெப்பநிலை எல்லை 140 டிகிரி ஆகிவிடுவதால் k இன்னும் குறையும். கேபிள் கேட்லாக்கைப் புரட்டினால் கடைசிப் பத்திகளில் ஒரு வினாடி ஷார்ட் சர்க்யூட் ரேட்டிங் என்று ஒன்று இருக்கும். 25 ஸ்கொயர் அலுமினியம் எக்ஸ்எல்பிஇக்கு எதிரே 2.35 கிலோ ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். அது வேறொன்றும் இல்லை, 94-ஐ 25-ஆல் பெருக்கியது. t இடத்தில் 1 போட்டால் சமன்பாடு அப்படியே அதுவாகிவிடுகிறது.

இந்த 94 எப்படி வருகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு, அலுமினியத்துக்கான வடிவம் இது:

```
k = 148 × √ ln( (228 + θf) / (228 + θi) )
```

θi தொடக்க வெப்பநிலை, θf முடிவு வெப்பநிலை. 90-ம் 250-ம் போட்டால் 94 வரும். தொடக்கத்தில் 60 டிகிரி என்று போட்டால் k 105 ஆகிறது. நம் கேபிளில் 60 ஆம்பியர்தானே ஓடுகிறது, அது 90 டிகிரிக்குப் போகவே போகாதே, 105 எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். தையல் ஷெட்டில் நாளைக்கு இன்னும் இருபது மெஷின் வந்து சேரும், அப்போது யாரும் இந்தக் கணக்கைத் திறந்து பார்க்கப் போவதில்லை. 94-லேயே நிற்பது நல்லது.

k தெரிந்துவிட்டது, I தெரிந்துவிட்டது. மிச்சம் t. எனக்குத் தெரிந்து இந்தக் கணக்கில் ஆட்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நேரம் என்பது கேபிளின் குணம் இல்லை. அந்தக் கேபிளில் ஃபால்ட் வந்தால் எந்தக் கருவி அதை வெட்டிவிடப்போகிறதோ, அந்தக் கருவியின் குணம். அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கேபிளுக்கு முன்னால் இருப்பது யார்?

முதல் நிலைமை. பேனலின் பஸ்பாரிலிருந்து நேராக ஒரு ஸ்விட்ச் வைத்து, ஃப்யூஸ்கூட இல்லாமல் இந்த 25 ஸ்கொயரைப் பிடித்திருக்கிறார்கள். இப்படிச் செய்யக்கூடாது, ஆனால் பழைய யூனிட்டுகளில் பார்க்கலாம். பேனலில் இடமில்லை, அவசரமாக ஒரு லைன் வேண்டும், "அந்தப் பக்கம் போர்டில் எம்சிபி இருக்கே" என்று ஒரு சமாதானம். அந்த எம்சிபி இருப்பது கேபிளின் கடைசியில். கேபிளிலேயே ஃபால்ட் வந்தால் அந்த எம்சிபி வழியாகக் கரண்ட் போகவே போகாது. அப்போது வெட்ட வேண்டியது பேனலின் இன்கமர் ஏசிபிதான். அந்த ஏசிபியில் கீழே உள்ள ப்ரேக்கர்களுக்கு முதலில் வாய்ப்புக் கொடுப்பதற்காக ஒரு தாமதம் செட் செய்திருப்பார்கள். ரிலே தாமதம், ப்ரேக்கர் திறக்கிற நேரம் எல்லாம் சேர்த்து 0.4 வினாடி என்று வைத்துக்கொண்டால்:

```
S = 14800 × √0.4 / 94 ≈ 100 mm²
```

சரியாக 100-ஐ ஒட்டி வருகிறது. 95 போதாது, அடுத்த சைஸ் 120. நாம் போட்டிருப்பது 25. இந்த நிலைமையில் அந்தக் கேபிள், ஏசிபி திறப்பதற்கு வெகு முன்பே அலுமினியம் உருகும் வெப்பநிலையைத் தொட்டிருக்கும் என்று மேலேயே பார்த்தோம். ட்ரேயில் அதன் பக்கத்தில் படுத்திருக்கிற கேபிள்களையும் சேர்த்துத்தான் அது போகும். இதே இடத்தில் பிவிசி கேபிள் என்றால் 123 வரும், 150 ஸ்கொயர் போட வேண்டும். காப்பர் எக்ஸ்எல்பிஇ என்றால் 66, அதாவது 70 ஸ்கொயர்.

இரண்டாவது நிலைமை, டிசைன் ஆபீஸ்களில் அடிக்கடி பார்ப்பது. பேனல் ஒரு வினாடிக்கு ரேட் செய்யப்பட்டிருக்கிறது, அதனால் கேபிளுக்கும் t = 1 என்று போட்டுவிடுவது. விடை 157, அதாவது 185 ஸ்கொயர். 60 ஆம்பியர் லோடுக்கு 185 ஸ்கொயர் கேபிள். 80 ஆம்பியர் எம்சிசிபியின் டெர்மினலில் அந்த லக் உட்காரவே உட்காராது. பஸ்பார் ஒரு வினாடி தாங்க வேண்டும் என்பது பஸ்பாருக்கான விதி, ஏனென்றால் இன்கமர் தாமதித்து விழுகிற நேரம் முழுக்க அது தாக்குப்பிடிக்க வேண்டும். தனக்கென்று உடனே விழுகிற ப்ரேக்கர் வைத்திருக்கிற ஒரு அவுட்கோயிங் கேபிளுக்கு அந்த ஒரு வினாடியை மாட்டிவிடுவதில் பொருளே இல்லை, காசுதான் வீண்.

மூன்றாவது, முறையாகச் செய்தது. பேனலிலேயே 80 ஆம்பியர் எம்சிசிபி ஒன்று, அதிலிருந்து கேபிள். 14,800 ஆம்பியர் என்பது அதன் மேக்னெடிக் செட்டிங்குக்கு வெகு மேலே, அதனால் தாமதமே இல்லாமல் விழும். ஒரு சைக்கிள், 20 மில்லிசெகண்ட் என்று போட்டால்:

```
S = 14800 × √0.02 / 94 ≈ 22.3 mm²
```

25 ஸ்கொயர் பாஸ். அதே கேபிள், அதே ட்ரான்ஸ்ஃபார்மர், அதே லோடு. முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதை மாற்றியதும் 185, 120, 25 என்று மூன்று விடைகள் வந்துவிட்டன. ஃபால்ட் கரண்ட்டை நம்மால் பெரிதாகக் குறைக்க முடியாது, அது ட்ரான்ஸ்ஃபார்மர் தீர்மானிப்பது. k-யும் கேபிள் வகை முடிவானதும் முடிவாகிவிடுகிறது. நம் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். ஷார்ட் சர்க்யூட் சோதனையில் கேபிள் தோற்றால், கேபிளைப் பெரிதாக்குவதற்கு முன் ப்ரேக்கரைப் பாருங்கள்.

ஆனால் மூன்றாவது கணக்கில் ஒரு நெருடல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 20 மில்லிசெகண்ட் போன்ற மிகக் குறைந்த நேரத்தில் இந்த I × √t என்ற எளிய வடிவத்தை நம்ப முடியாது. இரண்டு காரணம், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஃபால்ட் தொடங்கிய முதல் சில சைக்கிள்களில் அலை சமச்சீராக இருக்காது, டிசி போன்ற ஒரு பகுதி சேர்ந்து அலையை ஒரு பக்கமாகத் தூக்கிவிடும், அதனால் உண்மையான வெப்பம் நாம் போட்ட 14,800-ஐ விட அதிகமான கரண்ட்டுக்கு உரியதாக இருக்கும். ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இது இன்னும் அதிகம். மறுபக்கம், நல்ல எம்சிசிபியும் ஹெச்ஆர்சி ஃப்யூஸும் கரண்ட் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே வெட்டத் தொடங்கி, கரண்ட்டையே மட்டுப்படுத்திவிடும். ஆகவே 0.1 வினாடிக்குக் கீழே வந்துவிட்டால் I-யையும் t-யையும் தனித்தனியாகத் தேடாமல், தயாரிப்பாளர் கொடுக்கிற I²t வளைவை நேரடியாகப் பார்க்க வேண்டும். ப்ரேக்கரோ ஃப்யூஸோ வெட்டி முடிப்பதற்குள் எவ்வளவு ஆற்றலை உள்ளே விடுகிறது என்பதைக் காட்டும் வளைவு அது.

நம் கேபிள் தாங்கக்கூடியது எவ்வளவு? 94-ஐ 25-ஆல் பெருக்கி வர்க்கப்படுத்தினால் சுமார் 55 லட்சம். அலகு ஆம்பியர் வர்க்கம் வினாடி. எம்சிசிபி கேட்லாக்கில் 15 கிலோ ஆம்பியருக்கு நேரே அந்த வளைவு 8 லட்சம் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 8 லட்சத்தின் வர்க்கமூலம் 894, அதை 94-ஆல் வகுத்தால் 9.5. அதாவது 10 ஸ்கொயரே போதும், 25 தாராளம். ஹெச்ஆர்சி ஃப்யூஸ் என்றால் பொதுவாக இன்னும் குறைவாகத்தான் உள்ளே விடும். பெரிய ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் சின்னக் கேபிள் போட வேண்டிய கட்டாயம் வந்தால் ஃப்யூஸைத்தான் நான் முதலில் நினைப்பேன். எந்தப் ப்ரேக்கருக்கு எந்த வளைவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால் வாங்கப்போகிற மாடலின் கேட்லாக்கைத் திறந்துதான் அந்த எண்ணை எடுக்க வேண்டும். அதே ஆம்பியர்தானே என்று வேறு கம்பெனியின் வளைவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதோடு முடிந்தது என்று நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இதுவரை கேபிளின் தலைமாட்டில் வந்த ஃபால்ட்டைப் பார்த்தோம். கால்மாட்டில், 100 மீட்டர் தள்ளி, ஒரு பேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டால்?

அங்கே கரண்ட் மிகக் குறைவாக இருக்கும், ஏனென்றால் கேபிளின் மின்தடையே நடுவில் வந்து நிற்கிறது. குறைந்த கரண்ட் என்றால் பயமில்லை என்று தோன்றும். ஆனால் I² × t என்பது இரண்டின் பெருக்கல். கரண்ட் குறைந்ததால் ப்ரேக்கர் விழ எடுக்கும் நேரம் பல நூறு மடங்கு கூடிவிட்டால், பெருக்கல் பழையதைவிடப் பெரிதாகவே வரலாம்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். மூன்றரை கோர் 25 ஸ்கொயர் கேபிளில் நியூட்ரல் 16 ஸ்கொயர்தான். 20 டிகிரியில் 25 ஸ்கொயர் அலுமினியத்தின் மின்தடை கிலோமீட்டருக்கு 1.20 ஓம், 16 ஸ்கொயருக்கு 1.91 ஓம். 90 டிகிரியில் இரண்டும் 1.28 மடங்கு ஆகும். 100 மீட்டருக்குப் பேஸ் 0.154, நியூட்ரல் 0.245, இரண்டும் சேர்த்து 0.4 ஓம். ட்ரான்ஸ்ஃபார்மரின் பங்கு இதில் கணிசமாக இல்லை. பேஸ் வோல்டேஜ் 250.

```
I = 250 / 0.4 = 625 A
```

80 ஆம்பியர் எம்சிசிபியின் மேக்னெடிக் செட்டிங் 10 மடங்கில், அதாவது 800 ஆம்பியரில் நிற்கிறது என்றால், இந்த 625 அதை எட்டவே எட்டாது. ப்ரேக்கருக்கு இது ஷார்ட் சர்க்யூட்டாகவே தெரியாது, பெரிய ஓவர்லோடாகத்தான் தெரியும். தெர்மல் பகுதி மெதுவாகச் சூடாகி எப்போது விழுமோ அப்போதுதான் விழும். இந்தப் பகுதியின் வளைவு ஒற்றைக் கோடாக இருக்காது, அகலமான பட்டையாக இருக்கும். குளிர்ந்த நிலையில் ஒரு நேரம், சூடான நிலையில் இன்னொரு நேரம். நம் 16 ஸ்கொயர் நியூட்ரல் எவ்வளவு நேரம் தாங்கும்?

```
t = (94 × 16)² / 625² ≈ 5.8 s
```

பட்டையின் மேல் விளிம்பு இந்த 5.8 வினாடிக்குக் கீழே இருந்தால் சரி. மேலே போனால் சமன்பாட்டின்படி நியூட்ரல் கோர் தோற்றது. 5 வினாடியைத் தாண்டிய இடம் என்பதால் கொஞ்சம் வெப்பம் வெளியே போயிருக்கும், உண்மையில் இதைவிடச் சற்று அதிகமாகத் தாங்கும், ஆனால் அந்தச் சலுகையை நம்பி டிசைன் செய்ய எனக்கு மனசு வராது. தலைமாட்டில் 14,800 ஆம்பியரை அலட்டிக்கொள்ளாமல் சமாளித்த அதே எம்சிசிபி, அதே கேபிள், கால்மாட்டில் 625 ஆம்பியரில் தடுமாறுகிறது. இரண்டு முனையையும் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இதைச் சரிசெய்யக் கேபிளை மாற்ற வேண்டியதில்லை. மேக்னெடிக் செட்டிங்கை மாற்றக்கூடிய எம்சிசிபியாக இருந்தால் 10 மடங்கை 6 மடங்குக்கு இறக்கினால் போதும். 480 ஆம்பியர். செட்டிங்கில் 20 சதவீதம் பிசகு வரலாம் என்று எடுத்துக்கொண்டால்கூட 576, நம் 625-க்குக் கீழேதான் இருக்கிறது, அதனால் உடனே விழும். ஷெட்டில் சின்னத் தையல் மோட்டார்கள் மட்டும்தான் என்றால் 480 ஆம்பியர் செட்டிங் தேவையில்லாமல் விழப்போவதில்லை. நேரடியாக ஸ்டார்ட் ஆகிற ஒரு கம்ப்ரஸர் அங்கே வரப்போகிறது என்றால் அதன் ஸ்டார்ட்டிங் கரண்ட்டோடு இது மோதும். அப்போது மூன்றரை கோரை விட்டுவிட்டு முழு நாலு கோர் 25 ஸ்கொயர் எடுக்கலாம். நியூட்ரலும் 25 ஆகிவிடுவதால் கடைசி முனை ஃபால்ட் கரண்ட் 800-ஐத் தாண்டும், செட்டிங்கை 8 மடங்கு, அதாவது 640 வரை வைத்துக்கொள்ள இடம் கிடைக்கும்.

எர்த் ஃபால்ட்டுக்கும் இதே சமன்பாடுதான், ஆனால் அங்கே கரண்ட் திரும்புகிற பாதை ஆர்மரும் எர்த் ஸ்ட்ரிப்பும் என்பதால் k வேறு, கரண்ட்டும் வேறு. அதை இங்கே இழுத்தால் நீளும்.

கணக்குச் சரியாக இருந்தும் கவனிக்க வேண்டிய ஒரு இடம் ஜாயிண்ட். 250 டிகிரி என்பது கேபிள் இன்சுலேஷனுக்கான எல்லை. நடுவில் சால்டர் வைத்த ஜாயிண்ட் இருந்தால் அது 160 டிகிரிக்கு மேல் நம்பத்தகுந்தது இல்லை, அந்தக் கேபிளுக்கு முடிவு வெப்பநிலையை 160 என்று போட்டு k-யை இறக்கிக் கணக்கிட வேண்டும். க்ரிம்ப் செய்த லக்கும் சரியான டை வைத்து அழுத்தியதாக இருந்தால்தான் கேபிளோடு சேர்ந்து தாங்கும். அப்புறம், இரண்டு கேபிளைப் பேரலலாக ஓட்டியிருந்தால் ஃபால்ட் கரண்ட்டை இரண்டாக வகுத்துக் கணக்குப் போடாதீர்கள். ஃபால்ட் ஒரு கேபிளின் தலைமாட்டிலேயே வந்தால் ஏறக்குறைய முழுக் கரண்ட்டும் அந்த ஒன்றின் வழியாகத்தான் போகும், ஒவ்வொன்றும் தனியாகத் தாங்க வேண்டும்.

ஏற்கெனவே ஒரு ஃபால்ட் நடந்து ப்ரேக்கர் விழுந்த கேபிளை மறுபடி சார்ஜ் செய்யும் முன் என்ன பார்ப்பது? பழுதான இடத்தை வெட்டி ஜாயிண்ட் போட்டு மெக்கர் வைத்தால் ரீடிங் நன்றாகவே வரலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம். அதிகச் சூட்டில் பிவிசி இளகி, கம்பி தன் எடையில் ஒரு பக்கமாக நகர்ந்து, அங்கே இன்சுலேஷன் மெலிந்திருக்கும். மெலிந்த இடமும் அன்றைக்கு மெக்கரில் பாஸ் ஆகும், சில மாதம் கழித்துத்தான் போகும். அதனால் இரண்டு முனையிலும் கிளாண்டைத் திறந்து, லக்குக்குப் பின்னால் கோரைக் கையால் தொட்டுப் பாருங்கள். நிறம் மங்கிப் பழுப்பேறியிருக்கிறதா, இன்சுலேஷன் லக்கிலிருந்து பின்வாங்கிக் கம்பி புதிதாக வெளியே தெரிகிறதா, மடித்தால் வெடிக்கிறதா, வளைவுகளில் ஒரு பக்கம் மட்டும் தடிமன் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜாயிண்ட்டோடு விடாமல் அந்த நீளத்தையே மாற்றுவது நல்லது. கூடவே அன்றைக்கு விழுந்தது எந்தப் ப்ரேக்கர் என்று விசாரியுங்கள். அவுட்கோயிங் எம்சிசிபி விழாமல் இன்கமர் ஏசிபி விழுந்திருந்தால், அந்தக் கேபிள் 20 மில்லிசெகண்டுக்குப் பதிலாக 0.4 வினாடி கரண்ட்டைச் சுமந்திருக்கிறது. ரிலேயில் கரண்ட் பதிவாகியிருந்தால் அந்த எண்ணையும் 0.4-ஐயும் அதே சமன்பாட்டில் போட்டு, வருகிற S கேபிளின் சைஸைத் தாண்டுகிறதா என்று பார்த்தால், கேபிளை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பது தெரிந்துவிடும்.